ஐந்து டப்பாவா, எட்டு டப்பாவா: அப்பாவின் கடைக்காக பைத்தானில் ஓட்டிப் பார்த்த ஸ்டாக் கணக்கு

திண்டுக்கல்லில் அப்பா இருசக்கர வாகன உதிரி பாகங்கள் விற்கிறார். மெக்கானிக்குகள்தான் பெரும்பாலான வாடிக்கையாளர்கள். கடையில் அதிகம் நகரும் சரக்குகளில் ஒன்று, ஒரு குறிப்பிட்ட மாடல் பைக்குக்கான பிரேக் ஷூ செட். டப்பாவுக்கு 10 செட், பெட்டிக்கு 10 டப்பா. ரேக்கில் ஐந்து டப்பாவுக்கு இறங்கினால் சென்னைக்கு ஒரு பெட்டி ஆர்டர் போடுவது என்பது அப்பாவின் பல வருட வழக்கம். அதாவது 50 செட் ஆனதும் 100 செட்.

போன வருடம் நான் வேலையிலிருந்து சில மாதம் விடுப்பில் ஊரில் இருந்தபோது, மாலை நேரங்களில் கல்லாவில் உட்கார்ந்தேன். வாரத்துக்கு ஒரு தடவையாவது யாராவது ஒரு மெக்கானிக் பிரேக் ஷூ கேட்டு, இல்லை என்று திரும்பிப் போவதைப் பார்த்தேன். அப்பாவுக்கு அதில் பெரிய வருத்தம். "ஒரு செட் போனது போகட்டும்மா. அதோட சேர்த்து வாங்குற கேபிள், பல்பு எல்லாத்தையும் பக்கத்துக் கடையிலயே வாங்கிட்டுப் போயிடுறாங்க" என்றார்.

"அப்ப எட்டு டப்பா ஆனதுமே ஆர்டர் போட்டுடலாமேப்பா?"

"போடலாம். பணம் ரேக்குல தூங்குமே. இந்த ஒண்ணு மட்டும்னா பரவாயில்லை. ஆயிரத்துச் சொச்சம் ஐட்டம் இருக்கு."

ஐந்து டப்பாவிலிருந்து எட்டு டப்பாவுக்குப் போனால் எத்தனை விற்பனை கூடும், அதற்காகச் சராசரியாக எத்தனை செட் கூடுதலாக ரேக்கில் இருக்கும்? இந்த இரண்டு எண்கள் தெரிந்தால் போதும், மீதியை அப்பா முடிவு செய்துவிடுவார். அந்த இரண்டு எண்களைத் தேடிப் போனதைத்தான் எழுதுகிறேன். வழியில் நான் தடுக்கி விழுந்த இடங்களில் வேறு யாரும் நேரத்தைத் தொலைக்க வேண்டாம் என்பதற்காகக் கொஞ்சம் விரிவாகவே.

முதலில் விற்பனைக் கணக்கு. கடையின் பில் மென்பொருளிலிருந்து ஒரு வருடத்தின் தினசரி விற்பனையை எடுத்தேன். கடை திறந்திருந்தது ஏறக்குறைய 300 நாள். சராசரி நாளுக்கு 7.2 செட் என்று வந்தது. அதையே தேவை என்று எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது: பில்லில் இருப்பது விற்றது, கேட்டது இல்லை. ரேக் காலியாக இருந்த நாளில் பத்து பேர் கேட்டிருந்தாலும் பில் பூஜ்யம்தான் காட்டும். அந்தப் பூஜ்யங்களையும் சேர்த்துச் சராசரி போட்டால் தேவை குறைந்து தெரியும். அதை நம்பிக் குறைவாகவே ஆர்டர் போடுவோம், மறுபடி ரேக் காலியாகும், அடுத்த வருடச் சராசரி இன்னும் இறங்கும்.

காலையில் கையிருப்பே இல்லாமல் கடை திறந்த நாட்களைத் தேடினேன். ஏறக்குறைய முப்பது. அவற்றைக் கழித்ததும் சராசரி 8-ஐ ஒட்டி வந்தது. திட்ட விலக்கம் சுமார் 6. நடுவில் சரக்கு தீர்ந்துபோன நாட்கள் இன்னும் உள்ளேதான் இருக்கின்றன. அந்த நாட்களில் உண்மையான தேவை பில்லைவிட அதிகம். அவற்றையும் தூக்கிவிடலாமா என்றால் கூடாது. தீர்ந்துபோகும் நாள் என்பதே அதிகம் கேட்கப்பட்ட நாள். அதைத் தூக்கினால் சராசரி மறுபடி கீழே சாயும். இதற்குக் கணினியில் நல்ல வைத்தியம் எனக்குக் கிடைக்கவில்லை. கடையில் இருபது வருடமாக இருக்கும் அண்ணனிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, இல்லை என்று சொல்லி அனுப்பும் ஒவ்வொரு தடவையும் என்ன சரக்கு, எத்தனை என்று எழுதச் சொன்னோம். இந்த முயற்சியிலேயே மிகவும் பயன்பட்டது அந்த நோட்டுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அடுத்து, ஆர்டர் போட்டதிலிருந்து சரக்கு வர எத்தனை நாள். தேதி தெளிவாகக் கிடைத்த கடைசி 10 ஆர்டர்களை பார்சல் ரசீதுகளோடு ஒத்துப் பார்த்தேன். விற்பனை நாட்களில் கணக்கிட்டால் 4, 4, 5, 5, 5, 6, 6, 7, 9, 9. சராசரி 6 நாள். ஞாயிறு கடை விடுமுறை என்பதால் அதை எண்ணவில்லை.

தினசரித் தேவையை எப்படி உருவாக்குவது என்பதில் முதல் சறுக்கல். பழக்கத்தில் `rng.normal(8, 6)` என்று எழுதிவிட்டேன். மணி வடிவப் பரவலில் சராசரி 8, விலக்கம் 6 என்றால், ஏறக்குறைய நூற்றில் ஒன்பது நாள் தேவை பூஜ்யத்துக்குக் கீழே போகும். தேவை மைனஸ் மூன்று என்றால் நிரலில் கையிருப்பு மூன்று கூடிவிடும்! பெட்டி எதுவும் வராத நாளில் மாலைக் கையிருப்பு ஏறியிருந்ததைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். பூஜ்யத்தில் வெட்டிவிடலாம் என்று தோன்றும். வெட்டினால் சராசரி 8 என்பது சுமார் 8.25 ஆகிவிடுகிறது. ஒரு நாளுக்குக் கால் செட் சின்ன விஷயமாகத் தெரிந்தாலும், ஒப்பிட்டுப் பார்க்க வந்த இடத்தில் அடித்தளமே நகர்ந்துவிடும்.

பாய்சான் பரவலும் இங்கே பொருந்தாது. அதில் சராசரி 8 என்றால் விலக்கம் 2.8 தான் இருக்கும். நம் கடையில் 6. காரணம், மெக்கானிக் ஒரே தடவையில் ஐந்து செட், பத்து செட் என்று அள்ளிக்கொண்டு போவது. சராசரியையும் விலக்கத்தையும் தனித்தனியாக வைக்க முடிகிற முழு எண் பரவல் வேண்டும். நெகட்டிவ் பைனாமியல் அதற்குத் தோது. சராசரி 8, மாறுபாடு 36 என்றால் அதன் இரண்டு அளவுருக்கள் 64/28, 8/36 என்று வருகின்றன.

இனி நிரல். ஒரு நாளின் வரிசை இதுதான்: காலையில் பெட்டி வந்திருந்தால் பிரித்து அடுக்குவது, பகலில் விற்பது, இரவு கடை சாத்துவதற்கு முன் ரேக்கைப் பார்த்து ஆர்டர் போடுவது.

```python
import numpy as np

def simulate(s, Q, demand, lead):
    n = len(demand)
    arrive = np.zeros(n + 20, dtype=int)
    on_hand, on_order = s + Q, 0
    sold = stock_sum = cycles = bad = 0
    short = False
    for t in range(n):
        if arrive[t] > 0:
            cycles += 1
            bad += short
            short = False
            on_hand += arrive[t]
            on_order -= arrive[t]
        sale = min(on_hand, demand[t])
        if sale < demand[t]:
            short = True
        on_hand -= sale
        sold += sale
        stock_sum += on_hand
        if on_hand + on_order <= s:
            arrive[t + lead[t] + 1] += Q
            on_order += Q
    return 1 - bad / cycles, sold / demand.sum(), stock_sum / n
```

`s` என்பது எந்த அளவுக்கு இறங்கினால் ஆர்டர் போடுவது, `Q` என்பது எத்தனை போடுவது. இல்லாத சரக்குக்காக மெக்கானிக் காத்திருக்க மாட்டார், வேறு கடைக்குப் போய்விடுவார். அதனால் விற்காதது போனது போனதுதான். காத்திருந்து வாங்கும் வியாபாரமாக இருந்தால் கையிருப்பு மைனஸில் போக அனுமதிக்க வேண்டும், விடையும் மாறும்.

இந்த நிரலின் முதல் வடிவத்தில் கடைசி `if` வரியை `on_hand <= s` என்று மட்டும் எழுதியிருந்தேன். ஓட்டியதும் விற்பனையில் கிட்டத்தட்ட எதுவும் தவறவில்லை, ஆனால் சராசரி கையிருப்பு 300-ஐத் தாண்டியது. முதல் எண்ணை மட்டும் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். ஒவ்வொரு நாளும் என்ன நடக்கிறது என்று முதல் 40 நாளை அச்சிட்டுப் பார்த்தபோது தெரிந்தது: ரேக் இறங்கிய இரவு ஒரு பெட்டி ஆர்டர் போகிறது. மறுநாளும் ரேக்கில் குறைவுதான், பெட்டி இன்னும் லாரியில் இருக்கிறது. நிரல் அன்றும் ஒரு பெட்டி போடுகிறது. முதல் பெட்டி வருவதற்குள் ஐந்தாறு பெட்டி கிளம்பிவிடுகிறது. அப்பா அப்படிச் செய்ய மாட்டார், வழியில் இருப்பது அவர் தலையில் இருக்கும். நிரலுக்கு அதைச் சொல்லித்தர வேண்டும். பார்க்க வேண்டியது கையிருப்பும் வழியில் வருவதும் சேர்ந்த தொகை. `on_order` அதற்காகத்தான் வந்தது.

இன்னொரு பிழை இதைவிட நுட்பமானது, தானாகக் கண்ணில் படாதது. `arrive[t + lead[t] + 1]` என்ற வரியில் முதலில் அந்த `+ 1` இல்லை. இன்று இரவு ஆர்டர் போட்டு, `lead` 6 என்றால், ஆறு விற்பனை நாள் கடந்து ஏழாவது நாள் காலையில் பெட்டி பிரிக்கப்படுகிறது என்பதுதான் நான் ரசீதுகளிலிருந்து எண்ணிய முறை. `+ 1` இல்லாவிட்டால் ஆறாவது நாள் காலையிலேயே வந்துவிடும். நிரல் ஐந்து நாள் விற்பனையை மட்டுமே தாங்கினால் போதும். ஒரு நாள் என்றால் 8 செட். கடையில் கிட்டத்தட்ட ஒரு டப்பா. நான் அளக்க வந்த வித்தியாசமே இரண்டு மூன்று டப்பாதான்.

இதைப் பிடித்தது ஒரு சின்னச் சோதனை. தேவை தினமும் சரியாக 8, வரவு சரியாக 6 நாள், `s` 48, `Q` 96 என்று வைத்தேன். காகிதத்திலேயே விடை போட்டுவிடலாம். 48 ஆனதும் ஆர்டர், ஆறு நாளில் 48 விற்று மாலையில் பூஜ்யம், மறுநாள் காலை 96 வருகிறது. மாலைக் கையிருப்பு 88, 80 என்று இறங்கிப் பூஜ்யம் வரை. அவற்றின் சராசரி 44. என் நிரல் 52 என்றது. வித்தியாசம் சரியாக 8, அதாவது ஒரு நாள் விற்பனை. சீரற்ற எண்களோடு மட்டும் ஓட்டியிருந்தால் இந்தப் பிழை கடைசிவரை உள்ளேயே இருந்திருக்கும். எந்த ஸ்டாக் நிரலையும் முதலில் இப்படி விடை தெரிந்த கணக்கில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் இப்போது நான் நம்புகிறேன்.

அதே சோதனையில் `Q`-வை 96-லிருந்து 100 ஆக மாற்றினால் இன்னொன்று தெரியும். சீரற்ற தன்மை துளியும் இல்லாமலேயே சரக்கு தீர்ந்துபோகிறது! 148-லிருந்து எட்டெட்டாக இறங்கினால் 52, அப்புறம் 44. சரியாக 48-ஐத் தொடுவதே இல்லை. ஆர்டர் கிளம்பும்போது கையில் 44 தான், ஆறு நாளுக்கு 48 தேவை. நாலு செட் துண்டு விழுகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

சரி, இப்போது உண்மையான எண்களோடு ஓட்டலாம்.

```python
rng = np.random.default_rng(7)
n = 200 * 300
demand = rng.negative_binomial(64 / 28, 8 / 36, n)
lead = rng.choice([4, 4, 5, 5, 5, 6, 6, 7, 9, 9], n)

for s in (50, 60, 70, 80, 90, 100):
    print(s, simulate(s, 100, demand, lead))
```

`demand`, `lead` இரண்டையும் வளையத்துக்கு வெளியே ஒரே தடவை உருவாக்கியிருப்பது வேண்டுமென்றே செய்தது. ஆறு கொள்கைகளும் அதே 200 வருட மெக்கானிக்குகளை, அதே லாரித் தாமதங்களைச் சந்திக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் புது எண்கள் கொடுத்தால், எட்டு டப்பா நன்றாகத் தெரிந்தது கொள்கையாலா, அந்த வருடம் அமைதியாக இருந்ததாலா என்று பிரிக்க முடியாது.

200 வருடம் எதற்கு என்று கேட்கலாம். நானும் முதலில் ஒரு வருடம்தான் ஓட்டினேன். ஒரு வருடத்தில் 24 பெட்டிதான் வருகிறது. 24 சுற்றில் எத்தனை சுற்று தட்டுப்பாடில்லாமல் கழிந்தது என்று எண்ணினால், அந்தச் சதவீதம் 6 புள்ளி மேலும் கீழும் சாதாரணமாகவே ஆடும். 85-ஐயும் 95-ஐயும் அதில் பிரித்தறிய முடியாது. ஒருமுறை ஆறு டப்பா ஏழு டப்பாவைவிட நல்ல சேவை தருவதாகவே வந்தது. 200 வருடம் ஓட்டியதும் ஆட்டம் அரைப் புள்ளிக்குள் அடங்கியது. மடிக்கணினியில் எல்லாம் சேர்ந்தே சில நொடிகள்தான்.

தசமங்களைச் சுருக்கி எழுதிய எண்கள் இவை:

```
s     cycle    fill    stock
50    47%      91%     49
60    65%      94%     57
70    79%      97%     65
80    88%      98.4%   75
90    93%      99.2%   84
100   97%      99.7%   94
```

இரண்டாம் நெடுவரிசையும் மூன்றாம் நெடுவரிசையும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று பாருங்கள். `cycle` என்பது, ஒரு பெட்டி வந்ததிலிருந்து அடுத்த பெட்டி வரும் வரை ஒருவரைக்கூட திருப்பி அனுப்பாத சுற்றுகளின் பங்கு. `fill` என்பது கேட்ட செட்களில் கொடுக்க முடிந்த பங்கு. இரண்டையுமே சர்வீஸ் லெவல் என்ற ஒரே பெயரில் சொல்கிறார்கள். ஐந்து டப்பா வழக்கத்தில் பாதிக்கு மேற்பட்ட சுற்றுகளில் ஒரு தடவையாவது சரக்கு தீர்ந்தது. ஆனாலும் கேட்ட நூறில் 91 கொடுக்கப்பட்டது. இந்த 91-ஐப் பார்த்து எனக்கு நிம்மதியாக இருந்தது இன்னொரு காரணத்துக்காக. நாளுக்கு 8 கேட்டு அதில் நூற்றுக்கு 91 கொடுத்தால் சுமார் 7.3 விற்கும். பில்களில் நான் முதலில் கண்ட சராசரியான 7.2-உம் கிட்டத்தட்ட அதேதான். நிரல் கடையைப் போலவே நடக்கிறது என்பதற்கு அது ஒரு நல்ல அடையாளம்.

எந்த அளவைப் பார்த்து முடிவு செய்வது? அப்பாவிடம் இரண்டையும் விளக்கினேன். அவர் கேட்டது `fill` தான்: "எத்தனை பேருக்கு இல்லைன்னு சொல்றோம்?" பிரேக் ஷூ விஷயத்தில் அது சரி. ஒரு நாள் தீர்ந்துபோனால் அன்றைய நஷ்டம் எத்தனை செட்டோ அத்தனைதான். ஒரே ஒரு பாகம் இல்லையென்றாலும் ஒரு இயந்திரமே நின்றுவிடும் என்கிற தொழிற்சாலைக்கு `cycle` முக்கியமாக இருக்கலாம். எதை அளக்கிறோம் என்று சொல்லாமல் 95 சதவீதம் என்று மட்டும் சொன்னால், அது 60 செட்டையும் குறிக்கலாம், 90 செட்டையும் குறிக்கலாம்.

அதே அட்டவணையை மேலிருந்து கீழாகப் படித்தால் அப்பாவின் கேள்விக்கு விடை. ஐந்திலிருந்து ஆறு டப்பாவுக்குப் போனால் சராசரி கையிருப்பு 8 செட் கூடுகிறது, வருடத்துக்கு ஏறக்குறைய 90 செட் கூடுதலாக விற்கிறது. ஒன்பதிலிருந்து பத்துக்குப் போனால் கையிருப்பு 10 கூடுகிறது, கூடுதல் விற்பனை ஒரு டஜன் மட்டும். ஒவ்வொரு படியிலும் ரேக்கில் முடங்கும் பணம் ஏறக்குறைய ஒன்றேதான். திரும்பி வருவதுதான் வேகமாகச் சுருங்குகிறது. அப்பா எட்டில் விரலை வைத்தார். ஏழிலிருந்து எட்டுக்கு 10 செட் கூடுதல் கையிருப்பு, 40 செட்டை ஒட்டிய கூடுதல் விற்பனை. அதற்கு மேல் போடுகிற பணத்தை வேறு ஐட்டத்தில் போடலாம் என்பது அவர் கணக்கு. அது அவருக்குத்தான் தெரியும்.

இதையெல்லாம் சூத்திரத்திலேயே போட்டிருக்கலாமே என்று என் அலுவலக நண்பர் கேட்டார். போட்டுப் பார்த்தேன். பாடப்புத்தகச் சூத்திரம் இது:

```
s = d*L + z * sqrt(L*sd_d**2 + d**2*sd_L**2)
```

தினசரித் தேவை `d` 8, வரவு நாட்கள் `L` 6, தேவையின் விலக்கம் `sd_d` 6, வரவு நாட்களின் விலக்கம் `sd_L` சுமார் 1.73. 95 சதவீதச் சுற்றுகளுக்கு `z` 1.645. வர்க்கமூலத்துக்குள் 216-உம் 192-உம் சேர்ந்து 408, அதன் வர்க்கமூலம் 20.2. ஆக `s` 81. ஆனால் நிரலில் 80-க்கு வந்தது 95 இல்லை, 88.

வித்தியாசத்துக்குப் பெரிய காரணம், மேலே மனதில் வைக்கச் சொன்ன அந்தத் துண்டு. கையிருப்பு சரியாக `s`-ஐத் தொட்ட கணத்தில் ஆர்டர் போவதாகச் சூத்திரம் நினைக்கிறது. நாம் இரவில்தான் பார்க்கிறோம். பகலில் யாரோ பத்து செட் அள்ளிக்கொண்டு போனால், ஆர்டர் கிளம்பும்போது ஏற்கனவே `s`-க்குக் கீழே இறங்கியிருப்போம். நம் கடையில் இது சராசரியாக 6 செட். மொத்தமாக அள்ளும் வாடிக்கையாளர்கள் அதிகமுள்ள கடையில் இன்னும் கூடும். மீதிக்குக் காரணம், வரவுக் காலத் தேவையின் பரவல் மணி வடிவில் இல்லாமல் வலப்பக்கம் வால் நீண்டிருப்பது. சூத்திரம் தப்பென்று சொல்லவில்லை. தொடங்க ஓர் எண் தருகிறது, அதை நம் கடையின் நடைமுறையில் ஓட்டிப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

பெட்டி அளவையும் மாற்றிப் பார்த்தேன். 100-க்குப் பதில் அரைப் பெட்டியாக 50 போட்டு, `s`-ஐ 90 ஆக வைத்தால் `fill` அதே 98.4-ஐ ஒட்டி வருகிறது, சராசரி கையிருப்பு 75-லிருந்து சுமார் 60-க்கு இறங்குகிறது. ஆர்டர் அளவு சிறியதானால் ஆர்டர் புள்ளி உயர வேண்டும். ஏனென்றால் ரேக் அடிமட்டத்தைத் தொடும் சந்தர்ப்பங்கள் இரட்டிப்பாகின்றன. எனக்கு இது பிடித்திருந்தது. அப்பா உடனே மறுத்துவிட்டார். வருடத்துக்கு 24 பார்சல் 48 ஆகும், ஒவ்வொன்றுக்கும் வாடகை, இறக்குக் கூலி, போய் எடுத்து வர ஆள். பெட்டியை உடைத்துக் கொடுத்தால் சப்ளையர் கழிவையும் குறைத்துவிடுவார். நிரலில் இந்தச் செலவுகள் எதுவும் இல்லை, அதனால் அது அரைப் பெட்டியைப் பரிந்துரைப்பதுபோல் தெரிந்தது.

எனக்கு மிகவும் பயன்பட்ட ஓட்டம் வேறொன்று. `lead` வரிசையை எடுத்துவிட்டு, எல்லா ஆர்டரும் சரியாக 6 நாளில் வருவதாக வைத்தேன். சராசரி அதேதான், ஏற்ற இறக்கம் மட்டும் இல்லை. இப்போது 70-லேயே 98.4 கிடைத்துவிடுகிறது. அதாவது எட்டாவது டப்பா முழுக்க முழுக்க லாரியின் நிச்சயமின்மைக்காக வைத்திருப்பது. சூத்திரத்திலும் இதன் சாயல் தெரிகிறது: வர்க்கமூலத்துக்குள் இருக்கும் 408-இல் 192 லாரியினால் வருவது, மெக்கானிக்குகளால் அல்ல.

சில வரம்புகளையும் சொல்ல வேண்டும். இந்த நிரலில் எல்லா நாளும் ஒரே மாதிரி நாள். மழைக்காலத்தில் பிரேக் வேலை கூடும், தீபாவளிக்கு முந்தைய வாரம் கூடும். அப்படித் தொடர்ச்சியாகக் கூடும் நாட்களில் நிரல் சொல்வதைவிட அதிகம் தட்டுப்பாடு வரும். அந்த மாதங்களுக்குத் தனிச் சராசரி போட்டு ஓட்டுவதே நல்லது. அப்புறம், 98.4 என்பது 200 வருடச் சராசரி. வருடவாரியாகப் பிரித்துப் பார்த்தால் 99.5-க்கு மேல் போன வருடங்களும் உண்டு, 96-க்குக் கீழே இறங்கிய வருடங்களும் சில உண்டு. கொள்கை மாறாமலேயே. ஒரு மோசமான மாதத்தைப் பார்த்துவிட்டு `s`-ஐ மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம் என்று அப்பாவிடம் இதைக் காட்டித்தான் சொன்னேன். மாதத்துக்கு ஒன்றிரண்டு மட்டும் விற்கும் கிராங்க் ஷாஃப்ட் போன்ற சரக்குக்கு இந்த முறையை அப்படியே எடுத்துக்கொண்டு போகக் கூடாது. வருடத்தில் பதினைந்து விற்பனையை வைத்துப் பரவலைக் கணிப்பது நடக்காத காரியம்.

எல்லாவற்றிலும் பலவீனமானது அந்தப் பத்தே பத்து ஆர்டர்கள். 9 நாள் ஆனது இரண்டு தடவை. அந்த இரண்டில்தான் ஒரு டப்பாவே நிற்கிறது. ரசீதுகளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். இரண்டுமே வெள்ளிக்கிழமை இரவு போன ஆர்டர். சப்ளையரின் ஆள் சனிக்கிழமை மதியத்துக்குமேல் பார்சல் புக் செய்வதில்லை, திங்கள் கூட்டத்தில் சேர்ந்துவிடுகிறது என்று போனில் சொன்னார். இரண்டு ரசீதை வைத்து முடிவுக்கு வர முடியாது. ஆனால் அது உண்மையானால், `lead` என்பது குலுக்கிப் போட்டு எடுக்கிற எண் இல்லை, கிழமையைப் பொறுத்தது.

இப்போது ரேக்கில் எட்டாவது டப்பாவின் மட்டத்தில் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறது. அண்ணனின் நோட்டில் இடப்பக்கம் இல்லை என்று அனுப்பியவை. வலப்பக்கத்தில் அப்பா தன் கையெழுத்தில் ஒவ்வொரு ஆர்டருக்கும் கிழமை, பெட்டி பிரித்த தேதி என்று எழுதத் தொடங்கியிருக்கிறார். பதினான்கு வரிசை ஆகியிருக்கிறது. வியாழன் மாலை எண்ணிப் பார்த்து 90-க்குக் கீழே இருந்தாலே அன்றே போட்டுவிடலாமா என்று நேற்று போனில் கேட்டார். நிரலில் கிழமையைச் சேர்த்து ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.